ரீசார்ஜ் செய்த 500 ரூபாய் எத்தனை நாள் வரும்?

ஜூன் 23ஆம் தேதி காலை, புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் மின்பணிகளைக் கவனிக்கும் அடுக்குமாடி வளாகத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். குரல் பதறியது. "தம்பி, வீட்டில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. 12ஆம் தேதி ராத்திரிதான் பணம் போட்டேன். அதற்குள் எப்படித் தீரும்? மீட்டர் தப்பாக ஓடுகிறது, வந்து பாருங்கள்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, சென்ற ஜனவரியில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர் அவர். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால் மின்கணக்கு அவர் பொறுப்பு. அந்த வளாகத்தில் குடியிருப்போர் சங்கமே வீட்டுக்கு வீடு ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருக்கிறது. பிப்ரவரி 1ஆம் தேதி போட்ட 500 ரூபாய் 23 நாட்கள் வந்ததாம். ஜூன் 12ஆம் தேதி இரவு ரீசார்ஜ் செய்த பிறகு மீதி 520 ரூபாய் காட்டியிருக்கிறது. ஜூலை முதல் வாரம் வரை கவலையில்லை என்று அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. பத்து நாளில் தீர்ந்தால் யாருக்கும் மீட்டர் மீதுதான் சந்தேகம் வரும்.

அம்மா ரீசார்ஜ் செய்து மின்சாரம் திரும்பி வந்ததும் முதலில் மீட்டரைத்தான் பார்த்தேன். வீட்டின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கச் சொன்னேன். மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு இருக்கும். மின்சாரம் ஓட ஓட அது கண் சிமிட்டும். எல்லாம் அணைந்த பிறகும் அது சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது வேறு யாருடைய இணைப்போ இந்த மீட்டரில் சேர்ந்திருக்கிறது. இங்கே சிமிட்டல் நின்றது. அடுத்து, என் பையிலிருந்த பழைய 100 வாட் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டேன். அந்த மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 100 வாட் பல்பு ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான் எடுக்கும். அதற்கு 320 சிமிட்டல், அதாவது ஏறக்குறைய 11 விநாடிக்கு ஒன்று. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அம்மாவையே எண்ணச் சொன்னேன். பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு என்று வந்தது. நுட்பமான பிழையை இந்தச் சோதனை காட்டாது. வோல்டேஜைப் பொறுத்தும் சற்று மாறும். ஆனால் இரண்டு மடங்கு ஓடும் மீட்டரை இது விட்டுவிடாது. மீட்டரில் குறை இல்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தச் சங்கத்தின் விகிதம் இது: மாதத்தின் முதல் 100 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 100க்கு 4.50, அதற்கடுத்த 100க்கு 6, அதற்கு மேல் 7.50. இந்தப் படிகளைத்தான் ஸ்லாப் என்கிறோம். இதுபோக நிலைக்கட்டணம் நாளொன்றுக்கு 5 ரூபாய், விளக்கே போடாவிட்டாலும் கழியும். உங்கள் வீட்டு விகிதம் வேறாக இருக்கும். உங்கள் பில்லில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

பிப்ரவரியில் அந்த வீடு நாளொன்றுக்கு 5 யூனிட் எடுத்தது. ஜூனில் பேரன் படிக்கும் அறையில் ஏ.சி. ஐந்து மணி நேரம் ஓடுகிறது, 10 யூனிட் ஆகிவிட்டது. பயன்பாடு இரட்டித்தால் பணம் பாதி நாளில் தீரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, பணம் போட்ட தேதியும் கணக்கில் சேரும் என்பது. 12ஆம் தேதி இரவுக்குள் அந்த மாதத்தில் 120 யூனிட் ஓடிவிட்டது. 3 ரூபாய் யூனிட் தீர்ந்து, 4.50 ரூபாய் யூனிட்டில் 80 மட்டும் பாக்கி. அது எட்டு நாளுக்கு வரும். நாளொன்றுக்கு 45 ரூபாயும் நிலைக்கட்டணம் 5 ரூபாயும் சேர்த்து 50. எட்டு நாளில் 400 போயிற்று. 20ஆம் தேதி இரவு மீதி 120. மறுநாள் முதல் யூனிட் 6 ரூபாய், ஒரு நாளைக்கு 65. அந்த 120 ரூபாய் இரண்டு நாளுக்கு முழுதாகப் போதாது. 22ஆம் தேதி இரவே மீதி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. இரவில் துண்டிப்பதில்லை என்று சங்கம் வைத்திருப்பதால் காலையில் நின்றது.

அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்லாப் இரண்டு மாதத்துக்குத்தானே?" குழப்பத்தின் வேர் அங்கே இருந்தது. கடலூரில் அவர் பார்த்ததெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் தமிழ்நாட்டுக் கணக்கு. புதுச்சேரியில் மாதக் கணக்கு. இந்தச் சங்கமும் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி ஸ்லாப்பை முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால் அதே வீட்டில், அதே 10 யூனிட்டில், அதே 520 ரூபாய் தேதியைப் பொறுத்து வேறு வேறு நாட்கள் வரும். மாதக் கடைசி இரவு மீதி 520 இருந்தால், முதல் பத்து நாள் 35 ரூபாய் வீதம் 350, மிச்சம் 170 ரூபாய் 50 வீதம் மூன்று நாளுக்கு மேல். மொத்தம் 13 நாள். 20ஆம் தேதி இரவு இருந்தால் சரியாக 8 நாள். 25ஆம் தேதி இரவு இருந்தாலோ ஐந்து நாளில் 325 போக, மிச்சமுள்ள 195 அடுத்த மாதத்தின் மலிவான யூனிட்டில் இன்னும் ஐந்தரை நாள் வரும். பத்து நாளைத் தாண்டிவிடும். மீதியைச் சென்ற மாதச் சராசரியால் வகுக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு உங்கள் நாள் பயன்பாடு சரியாகத் தெரிய வேண்டும். மீட்டர் திரையில் மாறி மாறி வரும் எண்களில் `kWh` என்று காட்டும் யூனிட் எண்ணை இரவு ஒன்பது மணிக்கு எழுதுங்கள். ஏழு நாள் கழித்து அதே மணிக்கு எழுதி, வித்தியாசத்தை ஏழால் வகுங்கள். ஒரே நாளை வைத்துப் போடாதீர்கள். துணி துவைக்கும் நாளும் எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிறும் மற்ற நாள் போல இருப்பதில்லை. 1ஆம் தேதி ரீடிங்கைத் தனியாகக் குறித்து வைப்பது இன்னும் முக்கியம்; இந்த மாதம் எந்த ஸ்லாப்பில் நிற்கிறோம் என்பதை அது மட்டுமே சொல்லும்.

கைபேசியில் காட்டும் மீதியை நம்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். இவ்வகை ஸ்மார்ட் மீட்டர்களில் பணக் கணக்கு மீட்டருக்குள் நடப்பதில்லை. ரீடிங் சர்வருக்குப் போய் அங்கே கழிக்கப்படுகிறது. பல இடங்களில் நாளுக்கு ஒருமுறைதான் அது நடக்கிறது. காலையில் 60 ரூபாய் என்று காட்டினால் அது நேற்றிரவு நிலவரம். ஜூன் மாதத்து 65 ரூபாய் நாளில் அந்த 60 அன்றைக்கே போதாது. ஊருக்குப் போகிறவர்களும் இதை நினைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஒன்று மட்டும் 3 ரூபாய் ஸ்லாப்பில் நாளொன்றுக்கு ஒரு யூனிட் எடுத்தாலும், நிலைக்கட்டணத்தோடு 8 ரூபாய் கழிந்துகொண்டே இருக்கும். 20 நாள் பயணத்துக்கு 160 ரூபாய் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது ஃபிரிட்ஜ் நாறியிருக்கும். மீதி எதிர்மறையில் போனால், அடுத்த ரீசார்ஜில் முதலில் அந்தக் கடன்தான் கழியும்.

அன்று காலை அம்மா 700 ரூபாய் போட்டிருந்தார். முந்தைய பாக்கி 10 ரூபாய் கழிந்து 690. ஜூன் கடைசி வரை எட்டு நாளுக்கு 65 வீதம் 520, மிச்சம் 170. ஜூலையில் 35 வீதம் நான்கு நாளுக்கு மேல், ஐந்தாம் நாள் முழுதாக வராது. கூடத்துத் தினசரிக் காலண்டரில் ஜூலை 4ஆம் தேதித் தாளை விரலால் தேடி எடுத்து, அதில் "பணம்" என்று பென்சிலால் எழுதினார். பிறகு 1ஆம் தேதித் தாளில் "ரீடிங்" என்றும் அவரே எழுதிக்கொண்டார்.