மொத்த பில்லுக்குக் கூப்பன் போட்டு வாங்கியதில் ஒரு பொருளை மட்டும் திருப்பினால் எவ்வளவு பணம் வரவேண்டும்?

என் தங்கை ஒரு கடையில் மூன்று பொருள் வாங்கினாள். சட்டை 800, செருப்பு 1,200, தோள்பை 500. மொத்தம் 2,500. முழு பில்லுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி தரும் கூப்பன் கையில் இருந்தது. அதைக் கொடுத்ததும் 500 குறைந்தது, 2,000 கட்டினாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் செருப்பு காலைக் கடித்தது. மறுநாள் திருப்பக் கொண்டுபோனாள்.

கவுண்டரில் இருந்தவர் செருப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிறோம் மேடம், ஆனா நீங்க கூப்பன் போட்டிருக்கீங்க. அந்த 500 போக 700 வரும்" என்றார். அவள் அங்கே நின்றபடியே எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, 1,200-க்கு வாங்கின செருப்புக்கு 700 தர்றேங்கிறாங்க. இது சரியா?"

சரியில்லை. அதே நேரம், அவள் மனதில் வைத்திருந்த 1,200-உம் சரியில்லை. வரவேண்டியது 960.

எப்படி என்று பார்ப்போம். சதவீதக் கூப்பன் எந்த ஒரு பொருளின் மேலும் தனியாக விழுவதில்லை, பில்லில் உள்ள எல்லாப் பொருள் மேலும் ஒரே விகிதத்தில் விழுகிறது. 20 சதவீதம் என்றால் சட்டையில் 160, செருப்பில் 240, பையில் 100. மூன்றையும் கூட்டினால் அதே 500. ஆக, சட்டைக்கு அவள் உண்மையில் கொடுத்தது 640, செருப்புக்கு 960, பைக்கு 400. திருப்பும் பொருளுக்கு என்ன கொடுத்தோமோ அதுதான் திரும்பி வரவேண்டும்.

கடைக்காரர் சொன்ன 700-ல் என்ன தவறு என்பதை, கையில் மிஞ்சும் பொருளை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். 2,000 கட்டி 700 திரும்ப வந்தால், மிச்சம் 1,300 கடையிடம் இருக்கிறது. சட்டையும் பையும் சேர்ந்து கூப்பன் இல்லாத விலையே 1,300தான். அதாவது வைத்துக்கொண்ட இரண்டு பொருளுக்கும் தள்ளுபடியே கிடைக்கவில்லை. மறுபக்கம், 1,200 முழுதாகத் திரும்பினால் அந்த இரண்டும் 800-க்குக் கிடைத்ததாக ஆகும். அது கிட்டத்தட்ட 38 சதவீதத் தள்ளுபடி, கூப்பன் சொன்னதோ 20. 960 திரும்பினால் மட்டும்தான் மிஞ்சிய பொருளுக்கு 1,040, அதாவது 1,300-ல் சரியாக 20 சதவீதம் குறைந்த தொகை. இந்தச் சோதனையைக் கவுண்டரில் நின்றபடியே போனில் உள்ள கால்குலேட்டரில் செய்துவிடலாம்.

அந்த 700 எப்படி வந்தது? பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் அல்ல, பில் போடும் முறையால். சில பில்லிங் மென்பொருள்கள் கூப்பன் தொகையை ஒவ்வொரு பொருளின் வரியிலும் பிரித்துப் பதிந்துவிடும். அப்படிப்பட்ட பில்லில் செருப்புக்கு நேரே 1,200, தள்ளுபடி 240, நிகரம் 960 என்று மூன்று எண்கள் இருக்கும். ரிட்டர்ன் போட்டால் 960 தானாக வந்துவிடும், யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. வேறு சில, கூப்பனை பில்லின் அடியில் ஒரே வரியாக "தள்ளுபடி 500" என்று வைத்திருக்கும். அப்போது செருப்பின் வரியில் 1,200 மட்டும் நிற்கும். ரிட்டர்ன் போடுபவர் அந்த 500-ஐ என்ன செய்வது என்று தானே முடிவு செய்யவேண்டியிருக்கும், அப்படியே கழித்துவிடுகிறார். உங்கள் பில்லில் தள்ளுபடி அடியில் ஒரே வரியாக மட்டும் இருந்தால், ரிட்டர்ன் கணக்கை ஒரு தடவை கண்டிப்பாகச் சரிபாருங்கள்.

என் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கூப்பன்ல குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்கணும்னு போட்டிருக்கா?" அவள் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். அப்படியென்றால் 960 கேள் என்றேன். மேலாளர் வந்து கணக்கைப் பார்த்தார், மாற்றிக் கொடுத்துவிட்டார்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதே கூப்பனில் "2,000-க்கு மேல் வாங்கினால் 20 சதவீதம்" என்று ஒரு நிபந்தனை இருந்திருந்தால், அதே 700 நியாயமான தொகையாக மாறியிருக்கலாம். செருப்பைத் திருப்பியதும் மிச்சம் 1,300. அது 2,000-ஐத் தொடவில்லை. திருப்பிய பிறகு நிபந்தனை நிறைவேறாவிட்டால் கூப்பன் செல்லாது என்று வாங்கும்போதே எழுதியிருந்தால், கடை பில்லை மறுபடி போட்டுப் பார்க்கும்: மிஞ்சிய பொருளுக்கு 1,300, நீங்கள் கட்டியது 2,000, திரும்புவது 700.

இங்கேதான் இரண்டு வெவ்வேறு முறைகள் இருப்பது வெளியே தெரிகிறது. ஒன்று, தள்ளுபடியை விகிதப்படி பிரித்து, திருப்பும் பொருளின் பங்கைக் கழித்துத் தருவது. இன்னொன்று, அந்தப் பொருளை வாங்கவே இல்லை என்று வைத்துப் பில்லை மறுபடி போட்டு, வித்தியாசத்தைத் தருவது. நிபந்தனை எதுவும் இல்லாத சதவீதக் கூப்பனில் இரண்டும் ஒரே தொகையைத் தரும். நிபந்தனை நுழைந்ததும் பிரிந்துபோகும். எந்த முறை என்பதைக் கூப்பனின் விதிகள் சொல்லவேண்டும். விதியில் குறைந்தபட்சத் தொகை மட்டும் எழுதி, திருப்பினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டால், விகிதப்படி 960 கேட்பதுதான் நியாயம் என்பேன். வாங்கிய நேரத்தில் நிபந்தனை நிறைவேறியிருந்தது. பிறகு யோசித்துச் சேர்த்த விதியை வாங்கியவர் தலையில் கட்ட முடியாது. பொருள் பழுதாக இருந்ததால் திருப்புகிறீர்கள் என்றால் இந்த வாதம் இன்னும் வலுவானது. பில் தொகை குறைந்ததற்குக் காரணம் நீங்கள் அல்ல, பழுதான பொருள்.

இதே இரண்டு முறைகள் வாங்கியவருக்குச் சாதகமாகத் திரும்பும் இடமும் ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. "20 சதவீதம், அதிகபட்சம் 300" என்று உச்சவரம்பு வைத்த கூப்பன். 2,500-க்கு 20 சதவீதம் 500 ஆனாலும் 300தான் குறையும், 2,200 கட்டுவீர்கள். இப்போது செருப்பில் 20 சதவீதத்தைக் கழித்து 960 தருகிறேன் என்று கடை சொன்னால் அது தவறு. உண்மையில் உங்களுக்குக் கிடைத்தது 20 சதவீதமே அல்ல. 300-ஐ 2,500-ஆல் வகுத்தால் 12 சதவீதம்தான். செருப்பின் பங்கு 144, திரும்ப வேண்டியது 1,056. பில்லை மறுபடி போட்டுப் பார்க்கும் முறையில் இன்னும் அதிகம் வரும். சட்டைக்கும் பைக்கும் 1,300, அதில் 20 சதவீதம் 260, அது 300-க்குள் அடங்கிவிடுகிறது. மிஞ்சிய பொருளின் விலை 1,040, திரும்புவது 1,160. குறைந்தபட்சத் தொகைக்கு மறுபடி பில் போட்டுப் பார்க்கும் கடை, உச்சவரம்புக்கும் அதே முறையைப் பின்பற்றவேண்டும். தனக்கு லாபமான பக்கம் ஒரு முறை, மற்ற பக்கம் வேறு முறை என்பது நியாயமாகாது.

அதனால் கூப்பனில் அச்சிட்ட சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பில்லில் உண்மையில் குறைந்த தொகையை, கூப்பன் போடும் முன் இருந்த மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் சதவீதம் கூப்பன் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். உச்சவரம்பு இருந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு பொருளுக்குக் கூப்பன் பொருந்தாமல் போயிருக்கும். இரண்டாவதில் கணக்கே மாறிவிடும். பைக்கு மட்டும் கூப்பன் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி 2,000-க்கு மட்டும், அதாவது 400. இப்போது பையைத் திருப்பினால் 500 முழுதாக வரவேண்டும், அதற்குத் தள்ளுபடியே கிடைக்கவில்லையே! செருப்பைத் திருப்பினால் பழையபடி 960.

செருப்புக்கு ஏற்கெனவே கடையின் சொந்தத் தள்ளுபடி இருந்தால், அது போன பிறகு வந்த விலையிலிருந்துதான் கூப்பன் கணக்கைத் தொடங்கவேண்டும். விலைக்கு மேல் தனியாக வரி சேர்த்த பில்லில், கூப்பன் போன பிறகு உள்ள தொகைக்கு வரி போட்டிருந்தால் அந்த வரியும் சேர்ந்து திரும்பவேண்டும். வரி 5 சதவீதம் என்றால் 960-க்கு 48, ஆக மொத்தம் 1,008. ஒரே விலையில் மூன்று பொருள் வாங்கி, மொத்தம் 100 தள்ளுபடி என்றால் ஒவ்வொன்றுக்கும் 33.33 போக 0.01 மிஞ்சும். அதை ஏதாவது ஒரு பொருளில் சேர்த்திருப்பார்கள். அந்த அளவு வித்தியாசத்துக்காக யாரிடமும் சண்டை போடவேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதில்தான் அதிகப் பணம் சத்தமில்லாமல் போகிறது. குறைந்தபட்சத் தொகை நிபந்தனையால் செருப்புக்கு 700 மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஒரு வாரம் கழித்துச் சட்டையையும் திருப்புகிறீர்கள். கவுண்டரில் இருப்பவர் பழைய பில்லைப் பார்த்து, 20 சதவீதம் போக 640 என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூப்பன் செருப்பைத் திருப்பியபோதே ரத்தாகிவிட்டது, அதன் முழு 500-உம் உங்களிடமிருந்து அப்போதே கழிக்கப்பட்டுவிட்டது. இப்போது சட்டைக்கு வரவேண்டியது 800. பையையும் இதே போல 400-க்குத் திருப்பினால் மொத்தம் கைக்கு வருவது 700, 640, 400 சேர்ந்து 1,740. நீங்கள் கட்டியதோ 2,000. எல்லாப் பொருளையும் கொடுத்துவிட்டு 260-ஐ இழந்திருப்பீர்கள். இரண்டாவது முறை போகும்போது முதல் ரிட்டர்ன் சீட்டையும் பழைய பில்லோடு சேர்த்துப் பின் குத்திக் கொண்டுபோங்கள், இரண்டையும் ஒன்றாக மேசையில் வையுங்கள்.