வருடங்கள் கழித்தும் குறிப்பு கையில் சிக்க

தடாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழவேற்காடு ஏரியில் இறால் வரத்து பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். தமிழில் பாதி, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மீதி என்று கணினியில் குறிப்புகள் குவிந்துகிடக்கின்றனவாம். “எழுதிவைத்தது நன்றாக நினைவிருக்கிறது, தேடினால் வருவதில்லை. எந்த மென்பொருள் நல்லது?” என்று கேட்கிறார். மென்பொருள் அப்புறம். ஏன் வருவதில்லை என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு.

தேடல் பெட்டியில் ‘உப்பு’ என்று தட்டுங்கள். ‘உப்பில்’ என்று எழுதிய குறிப்பு வராது. ‘இறால்’ என்று தேடினால் ‘இறாலை’ கிடைக்காது. ‘முகத்துவாரம்’ என்று தேடினால் ‘முகத்துவாரத்தில்’ கிடைக்காது. கணினி தமிழ்ச் சொல்லைச் சொல்லாகப் பார்ப்பதில்லை, குறியீடுகளின் வரிசையாகப் பார்க்கிறது. ‘ல்’ என்பது அதற்கு ல, புள்ளி என்று இரண்டு குறியீடு. ‘லை’ என்பது ல, ஐகாரக் குறி. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வால் மாறிவிடுகிறது, சாதாரணத் தேடலுக்கு அது வேறு சொல்.

இந்த இயக்கம் தெரிந்தால் அதையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். கடைசிப் புள்ளியையோ உகரக் குறியையோ, சொல் ‘ம்’ என்று முடிந்தால் அந்த எழுத்தையே விட்டுவிட்டு ‘இறால’, ‘உப்ப’, ‘முகத்துவார’ என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் எல்லா வடிவமும் வரிசையாக வந்து நிற்கும். ‘ஆறு’, ‘ஆற்றில்’ இரண்டுமே ‘ஆற’ என்பதில் சிக்கும். கூடவே ‘ஆறாத’, ‘ஆறுதல்’ எல்லாம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு குழியும் உண்டு. ‘தோணி’யில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த வரி கண்ணெதிரே இருந்தும் தேடலில் வராவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். அந்தச் சொல்லை அங்கேயே மறுபடி தட்டச்சு செய்து தேடினால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, இதெல்லாம் சொல் தெரிந்திருந்தால். சொல்லே மாறிவிட்டால்? 1987-இல் ஃபர்னஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து வெளியிட்டார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐந்து வருடம் கழித்துத் தேடப்போகிற நீங்களும் ஒருவகையில் இரண்டாவது ஆள்தான். அன்றைக்கு ‘முகத்துவாரம்’ என்று எழுதியிருப்பீர்கள், இன்றைக்கு ‘கழிமுகம்’ என்று தேடுவீர்கள். எல்லையில் இருக்கிறவருக்கு இது இன்னும் மோசம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஒரே மணல் திட்டைப் பற்றித் தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பும் தெலுங்கு எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தால், சாதாரணத் தேடல் எதுவும் தானாக இரண்டையும் சேர்த்துத் தராது.

இதற்கு ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927–1998) காகிதத்திலேயே வழி கண்டிருந்தார். ஏறக்குறைய 90,000 சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான எண். சீட்டு எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்பதைவிட, எந்தச் சீட்டுக்குப் பின்னால் வருகிறது, வேறு எந்த எண்களைச் சுட்டுகிறது என்பதே முக்கியம். சொல்லடைவும் வைத்திருந்தார், ஆனால் ஒரு சொல்லுக்குச் சில எண்கள் மட்டுமே. அது உள்ளே நுழைய வாசல். நுழைந்தபின் சுட்டுகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த எண்தான். எண் எந்த உருபு சேர்ந்தாலும் மாறாது, எந்த விசைப்பலகையில் தட்டினாலும் அதே குறியீடு, தமிழ்க் குறிப்பிலும் தெலுங்குக் குறிப்பிலும் ஒன்றே. மேலே சொன்ன மூன்று சிக்கலும் அதற்கு இல்லை. கணினியில் எண் வைப்பதும் சுலபம்: எழுதிய ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். கோப்பின் பெயர் அந்த எண் மட்டும். தலைப்பு உள்ளே, முதல் வரியில். தலைப்பைப் பிற்பாடு எத்தனை முறை திருத்தினாலும் சுட்டு அறுந்துபோகாது.

வாசகரின் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். `202403151040.md` என்ற கோப்பு இப்படி இருக்கலாம்:

```
202403151040 இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக வருகின்றன

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரியில்
வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும்.

[[202403121915]] மணல் மூடினால் இந்த வழியே அடைபடும்
[[202407020830]] வரத்து குறைந்த வருடம் பாடு முறையில்
சச்சரவு கூடுகிறதா? கேட்க வேண்டும்
```

முதல் சுட்டு போகும் குறிப்பு, முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைபடுவது பற்றியது. அடைபட்ட ஏரி கோடையில் வற்றி உப்பேறும், வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் கூடி உப்புக் குறையும். இரண்டாவது, நான்கு மாதம் கழித்துச் சேர்த்தது. மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை பற்றிய குறிப்புக்குப் போகிறது. தலைப்புவாரியாகப் பிரித்திருந்தால் ஒன்று நீரியல் அடைவிலும், ஒன்று உயிரியலிலும், ஒன்று சமூகவியலிலும் போயிருக்கும், ஒன்றையொன்று பார்த்திருக்காது.

எண்ணுக்கு அடுத்து எழுதிய அந்த ஒரு வரிதான் உயிர். வெறும் எண்ணை ஒட்டிவைத்தால், எதற்காக இணைத்தோம் என்று சில மாதத்தில் உங்களுக்கே தெரியாது. காரணத்தை எழுத முடியவில்லை என்றால் அந்தச் சுட்டு வேண்டாம். ‘ஏரி’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் சுட்டுப் போடுகிறவர்கள் உண்டு. எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்துவிட்டால் வழி என்று ஒன்று இருக்காது, அது மறுபடியும் தேடல் பெட்டிதான்.

இப்போது 2029-இல் அவர் பாடு முறை பற்றி எழுத உட்காருகிறார் என்று வையுங்கள். இறால் குஞ்சு அவர் நினைவிலேயே இல்லை. பாடு குறிப்பைத் திறந்து, இதை யார் சுட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்கிறார். அப்சிடியன் போன்ற செயலிகள் இதைப் பக்கத்திலேயே காட்டும். செயலி இல்லாவிட்டாலும் லினக்ஸிலோ மேக்கிலோ ஒரே வரி போதும்:

```
grep -rlF "[[202407020830]]" notes/
```

இறால் குறிப்பு வருகிறது, அதிலிருந்து மணல் குறிப்பு. கூடவே, கேட்காமல் விட்ட கேள்வியும். முகத்துவாரம் அடைபட்ட வருடங்களையும் பாடு முறையில் சச்சரவு வந்த வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை, அவர் தேட நினைக்காத இடத்திலிருந்து வந்து சேர்கிறது.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பழைய குறிப்பு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சொல்லடைவில் தொடங்கி, தேடல் பெட்டியைத் தொடாமல், சுட்டுகள் வழியாகவே அதை அடைய முடிகிறதா? முடியாவிட்டால் அது அநாதைக் குறிப்பு. தொடர்புடைய ஏதாவது ஒரு குறிப்பிலிருந்து அதற்கு ஒரு சுட்டும் காரணமும் எழுதுங்கள். சொல்லடைவில் ‘முகத்துவாரம், கழிமுகம்’ என்று ஒரே வரியில் இரண்டு பெயரையும் போட்டு, தெலுங்குப் பெயரையும் தெலுங்கு எழுத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஆய்வுத் திட்டங்களில் கருவிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். களக் குறிப்புகளை ஒழுங்குசெய்ய நேரமும் கூலியும் ஒதுக்குவது அரிது. திட்டம் முடிந்ததும் மாணவர் வேலைக்குப் போய்விடுவார், நோட்டுகள் எந்த அலமாரியிலோ கிடக்கும். பழவேற்காடு போல வருடத்துக்கு வருடம் மாறும் ஏரியில் பழைய வருடத்தின் குறிப்பை மறுபடி போய் எடுத்துவர முடியாது. மானியம் தருகிறவர்கள் இதற்கென்று ஒரு பங்கு கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் கேட்டாரல்லவா? சாதாரண உரைக்கோப்பாக, யூனிகோடில் சேமிக்கிற எதுவும் சரி. பழைய எழுத்துருக்களில் தட்டியவை இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். படகில் எழுதும் காகித நோட்டிலும் பக்கத்தின் மேல் மூலையில் அதே வகை எண்ணைப் போடுங்கள். கணினிக் குறிப்பிலிருந்து அந்தப் பக்கத்தையும் சுட்டலாம்.