மாலை போட்ட மூணாம் ராத்திரி

குலசை தசராவுக்கு மாலை போடுற சீசன் வந்துட்டாலே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பதட்டம் வந்துரும். பாளையங்கோட்டையில மனநல டாக்டரா இருக்கேன், குடிநோய் சிகிச்சைதான் பெரும்பாலும் பாக்குறது. போன வருஷம் ஒரு ஊர்ல தசரா குழுக்காரங்க மைக்க கையில குடுத்து, குடிய பத்தி பத்து நிமிஷம் பேசுங்க, குடிச்சு குடும்பத்த கெடுக்காதீங்கன்னு நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுங்கன்னாங்க. முன்னாடி வரிசையில புதுசா மாலை போட்டவங்க உக்காந்திருந்தாங்க, பின்னாடி அவங்க வீட்டம்மாக்கள், புள்ளைங்க. அந்த முகங்கள பாத்ததும் திட்டுறதுக்கு மனசு வரல. திட்டு வாங்காத குடிகாரர் யாரு இருக்காங்க சொல்லுங்க. அதனால அன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசுனேன், அத இங்கயும் எழுதுறேன்.

ஒரு கொத்தனார். வயசு 41, அம்பாசமுத்திரம் பக்கம். (ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு சிலத மாத்தியிருக்கேன்.) நல்ல வேலைக்காரர், பூச்சு வேலைக்கு அவரத்தான் தேடி வருவாங்க. சம்சாரம் பீடி சுத்துறாங்க, எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு. தினமும் மூணு குவாட்டர், மத்தியானம் 12 மணிக்கு கடை தொறந்ததும் ஒண்ணு, சாயங்காலம் வேலை முடிஞ்சு ரெண்டு, அதுல கொஞ்சத்த மட்டும் மிச்சம் வச்சு தலகாணிக்கு அடியில வச்சுக்குவாரு. ஏன்னா காலையில எந்திரிச்சதும் கை நடுங்கும், அத ஊத்துனாத்தான் கரண்டிய பிடிக்க முடியும். ஒரு குவாட்டர்ங்கிறது 180 மில்லி, நம்ம ஊரு பிராந்தியில 42.8 சதவீதம் ஆல்கஹால், அப்போ மூணு குவாட்டர்ல சுத்த ஆல்கஹால் மட்டுமே 230 மில்லி. அத பல வருஷமா தினமும் குடிச்சு பழகுன உடம்பு.

அந்த வருஷம் சம்சாரம் காலப் புடிச்சு அழுதாங்க. அவரும் மனசு எறங்கி முத்தாரம்மனுக்கு மாலை போடுறேன், இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. பொய் சத்தியம் இல்ல, உசுரோட பண்ணுன சத்தியம். வியாழக்கிழமை ராத்திரி 10 மணிக்கு கடைசியா குடிச்சாரு. வெள்ளிக்கிழமை காலையில மாலை போட்டாச்சு. மத்தியானத்துலயே நடுக்கம், வேர்வை, குடிச்ச தண்ணி கூட வாந்தி. வீட்டுல இருந்த பெரியவங்க, உடம்பு சுத்தமாவுது, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பொட்டு தூக்கம் இல்ல. சனிக்கிழமை காலையில விரதக் குளிப்புக்கு ஆத்துக்கு போனாரு, படித்துறையில முங்கி எந்திரிச்சவரு அப்படியே வெட்டி இழுத்துட்டு தண்ணிக்குள்ள சாஞ்சுட்டாரு. பக்கத்துல துணி துவச்சுட்டு இருந்தவங்க பாத்து தூக்குனதால பொழச்சாரு. கையில சாவிக்கொத்த குடுத்திருக்காங்க. அப்புறம் ஒரு கிளினிக்ல, சாப்பிடாததால மயக்கம், ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிரும்னு ஏத்தி அனுப்பிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு அந்தம்மா முழிச்சு பாத்தா இவரு செவுத்துக்கு முன்னாடி நிக்காரு. வெறுங்கையால தரையில அள்ளி அள்ளி செவுத்துல பூசுறாரு, பூசிட்டு தள்ளி நின்னு மட்டம் பாக்குறாரு, "ஏ புள்ள, தண்ணி ஊத்து, கலவ காயுது"ன்னு இல்லாத சித்தாள கூப்பிடுறாரு. நடுநடுவுல கால்ல எறும்பு ஏறுதுன்னு தட்டிவிடுறாரு. மேலெல்லாம் வேர்வை ஊத்துது. அந்தம்மா என்கிட்ட சொன்ன வார்த்த அப்படியே நியாபகம் இருக்கு. "அவிய பூசுன எடத்த தொட்டுப் பாத்தேன் சார், செவுரு ஈரமா இருந்துச்சு, எல்லாம் அவிய வேர்வ."

அக்கம்பக்கம் கூடிட்டு. மாலை போட்ட ஆளு, அம்மன் எறங்கிட்டான்னு ஒருத்தர், விரதத்துல ஏதோ குத்தம்னு இன்னொருத்தர். மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க, எலுமிச்சம்பழம் சுத்துனாங்க, அடங்காததால தூண்ல கட்டிப் போட்டாங்க. திங்கக்கிழமை காலையில ஆட்டோல கொண்டு வந்தப்போ நாடி 130, காய்ச்சல் 101, கண்ணு ஒரு எடத்துல நிக்கல, கட்டுன கயிறு மணிக்கட்டுல பதிஞ்சு கெடந்துச்சு.

இது சாமியும் இல்ல பேயும் இல்ல. குடியை டக்குனு நிறுத்துனதால வர்ற ஜன்னி. மாஞ்சோலை மலைப்பாதையில எறங்குற பஸ்ஸ நெனச்சுக்கோங்க. குடிங்கிறது மூளையில பிரேக்க அமுக்குற கால். தினமும் ஒருத்தன் பிரேக்க அமுக்கிட்டே இருந்தா வண்டி ஓடணுமேன்னு மூளை தன் பங்குக்கு ஆக்சிலேட்டர அமுக்க பழகிரும், வருஷக்கணக்குல அந்த ரெண்டும் சமமா நின்னுட்டு இருக்கும். திடீர்னு ஒருநாள் பிரேக்குல இருந்த காலை எடுத்துட்டா என்ன ஆகும், ஆக்சிலேட்டர் மட்டும் முழுசா அமுங்கி இருக்கு, எறக்கம் வேற. கடைசியா குடிச்சதுல இருந்து ஆறேழு மணி நேரத்துல நடுக்கமும் வேர்வையும் ஆரம்பிக்கும், ரெண்டு நாளைக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும், மூணாம் நாள் நாலாம் நாள்லதான் இந்த ஜன்னி. எல்லாருக்கும் வராது. ஆனா வந்தவங்கள வீட்டுலயே வச்சிருந்தா உயிரே போகலாம், அத நான் பாத்திருக்கேன். தூண்ல கட்டி வச்ச ஆளு கயிறோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே நீர்ச்சத்து வத்தி இதயம் நின்னு போறது உண்டு.

சாமி வந்து ஆடுறவங்கள நம்ம ஊர்ல தெனம் பாக்குறோம், அத நான் கொறச்சு பேசல. ஆனா வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். மேளம் நின்னதும் சாமி மலையேறும், அந்த ஆளு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு பக்கத்துல நிக்கிறவர பேர் சொல்லி கூப்பிடுவாரு. ஜன்னியில இருக்குறவருக்கு மேளமும் வேண்டாம், நேரமும் கிடையாது, விடிய விடிய நிக்காது. இன்னைக்கு என்ன கெழமை, இது எந்த எடம், நான் யாருன்னு கேளுங்க. தப்பு தப்பா சொன்னா, கூடவே கை நடுக்கமும் வேர்வையும் இருந்தா, கடைசியா எப்ப குடிச்சாருன்னு விரல் விட்டு எண்ணுங்க. ரெண்டு மூணு நாள்னு வந்தா 108 கூப்பிடுங்க. திருநெல்வேலிக்காரங்களுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கு, காசு கேக்க மாட்டாங்க.

அந்த குளுக்கோஸ் விஷயத்தையும் சொல்லிருதேன், ஏன்னா நெறைய பேரு தாங்களாவே போய் ஏத்துங்கன்னு கேக்குறாங்க. உடம்பு குளுக்கோஸ எரிக்கணும்னா தயமின்னு ஒரு பி விட்டமின் வேணும். குடிக்கிறவங்க சரியா சாப்பிடுறது இல்ல, சாப்பிட்டாலும் அது உடம்புல ஒட்டாது, அதனால கையிருப்பு காலியா இருக்கும். அந்த நேரத்துல வெறும் குளுக்கோஸ மட்டும் ஏத்துனா மிச்சம் மீதி தயமினும் செலவாயி, மூளையில கண்ண அசைக்கிற, நடக்க வைக்கிற, நியாபகத்த சேக்குற எடம் அடி வாங்கலாம். அப்படி ஆயிட்டா அந்த ஆளு குடிய விட்டாலும் காலையில என்ன சாப்பிட்டோம்னு சாயங்காலம் தெரியாது, சிலருக்கு அது திரும்பி வர்றதே இல்ல. அதனால தயமின் ஊசி மொதல்ல, குளுக்கோஸ் அப்புறம். எங்க கூட்டிட்டு போனாலும் "டாக்டர், இவரு தெனம் குடிக்கிறவரு, வியாழக்கிழமையோட நிறுத்திட்டாரு"ன்னு வாய விட்டு சொல்லுங்க. மானம் போயிரும்னு மறைச்சதாலதான் அந்த கிளினிக்ல தெரியாம போச்சு.

நாங்க அவருக்கு தயமின் ஊசியும், மூளைய மெதுவா எறக்கத்துல இருந்து கொண்டு வர்றதுக்கு லோராசிபாமும் போட்டோம், டோஸ தெனம் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சோம். மூணாம் நாள் சாயங்காலம் நல்லா தூங்குனாரு. அன்னைக்கு அந்த பொண்ணு வெளிய என் ரூம் வாசல்ல நின்னுச்சு. ஏதோ கேக்கணும், கேக்க முடியல. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "வியாழக்கெழம ராத்திரி தலகாணிக்கு அடில இருந்த மிச்சத்த நாந்தான் சாக்கடைல ஊத்துனேன். அது இருந்திருந்தா அப்பாவுக்கு இப்பிடி ஆயிருக்காதுல்லா"ன்னு கேட்டுச்சு. இத்தன நாளா அந்த புள்ள இத சொமந்துட்டு இருந்திருக்கு. வெளிய பெஞ்சுல அதோட அம்மா, நான்தானே சத்தியம் வாங்குனேன், நாந்தானே கொல்லப் பாத்தேன்னு அழுதுட்டு இருக்காங்க. உள்ள கட்டில்ல அவரு கண்ணு முழிச்சதும் கழுத்த தடவி "மாலை எங்க"ன்னு கேட்டு, விரதம் போச்சேன்னு தேம்புறாரு. மூணு பேரும் தனித்தனியா தன்னையே குத்தம் சொல்லிட்டு இருந்தாங்க.

அந்த புள்ளகிட்ட சொன்னேன், நீ ஊத்துனது தப்பே இல்லம்மா, அது உங்க அப்பா மேல உள்ள பாசம், இதுல என்ன ஆபத்து இருக்குன்னு உனக்கு யாரும் சொல்லித் தரல, அது பெரியவங்க எங்க தப்பு. அத இப்ப எல்லா வீட்டுக்கும் சொல்லுறேன். தாய்மாரே, காலையில கை நடுங்கி, குடிச்சாத்தான் நிக்கிற ஆளுகிட்ட இன்னைக்கே நிறுத்துன்னு சத்தியம் வாங்காதீங்க. முன்னாடி ஒருதடவ நிறுத்தும்போது வலிப்போ ஜன்னியோ வந்திருந்தா கண்டிப்பா வாங்காதீங்க. ரெண்டு நாள் குடிச்சா குடிக்கட்டும், மொதல்ல எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க, நிறுத்துற தேதிய சேந்து குறிப்போம். மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்கி நீங்களா குடுக்காதீங்க, அதுக்கு மேல குடிச்சுட்டாருன்னா மூச்சே நின்னு போகலாம். தெரியாம சாம்பார்ல கலக்குற பொடியும் வேண்டாம், அதுல சிலது குடியோட சேந்தா பிரஷர் அடியோட எறங்கி உசுரே போகலாம்.

குடிக்கிற அண்ணன்மாரே, நீங்க வெக்கம் கெட்டுப் போயி மறுபடி மறுபடி குடிக்கல. நிறுத்துன அன்னைக்கு உங்க உடம்பு உங்கள போட்டு அடிக்குது, அந்த அடி தாங்காமத்தான் போறீங்க. அடிக்கு மருந்து இருக்கு. மாலை போடணுமா, போடுங்க, பத்து நாள் முன்னாடி எங்கள வந்து பாத்துட்டு போடுங்க. வர முடியலன்னா அரசு மனநல உதவி எண் 14416க்கு ஒரு போன் போடுங்க, காசு கிடையாது.

ஒண்ணு மறைக்க கூடாது, ஒரு வார ஆஸ்பத்திரி வாசம் உடம்புல இருக்குற விஷத்த எறக்கும், ஆசைய எறக்காது. அந்த கொத்தனாரு நாலு மாசத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. ஒரு மச்சினன் கல்யாணம், ஒரே ஒரு கட்டிங்னு தொடங்குனது. அடுத்த தசராவுக்கு மூணு வாரம் இருக்கும்போது அவரே வந்தாரு, சட்டைப் பையில காகிதத்துல மடிச்ச மாலையோட. முன்னாடி ஒரு தடவ ஜன்னி வந்தவங்கள வீட்டுல வச்சு பாக்க கூடாதுன்னு வார்டுலயே சேத்தோம். 8 நாள் இருந்தாரு, நடுக்கத்தோட நின்னுச்சு. ஆசைய கொறைக்கிற மாத்திரையும் எழுதி, வாராவாரம் வரச் சொல்லி அனுப்புனேன். ஊர்ல பூசாரி கையால மாலை போட்டுக்கிட்டாரு.

அடுத்த வாரம் சம்சாரம்தான் மாத்திரை வாங்க வந்தாங்க. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. தூங்கலையாம்மான்னு கேட்டேன். "மாலை போட்டு மூணாம் ராத்திரி பயந்துட்டு முழிச்சே இருந்தேன் சார், சொளக மடியில வச்சுட்டு ஆயிரம் பீடி சுத்தி முடிச்சேன். அவிய பொரண்டு கூட படுக்கல."