கடலுக்கு அப்பால் ஒரு மேலாள்: பர்மா கடைகளும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பும்

1930 வாக்கில் பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் சுமார் 1,650 இருந்ததாக, அந்தக் காலத்து மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பெரும்பாலான கடைகளில் முதலாளி இல்லை. அவர் செட்டிநாட்டில் இருந்தார். இரங்கூனிலோ பியாபோனிலோ பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து விவசாயிக்குக் கடன் கொடுத்தவர், மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறிப் போன மேலாள். ஏஜெண்டு என்றும் சொல்வார்கள்.

மேலாள் செய்ய வேண்டிய முக்கியமான வேலையைப் பார்க்க முதலாளிக்கு வழி இல்லை. கடன் கேட்டு வருபவரின் நெல் வயலை நேரில் போய்ப் பார்த்தாரா? அந்த நிலம் ஏற்கெனவே வேறு யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரித்தாரா? அறுவடை சமயத்தில் படகேறிப் போய் வசூலித்தாரா? ஊருக்கு வந்துசேர்வது கடிதமும் ஐந்தொகையும்தான். லாபம் குறைந்தால் காரணம் வெள்ளமா, சோம்பலா என்று அந்தத் தாளிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

பொருளியலில் இதை முதலாளி–முகவர் சிக்கல் என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு, மற்றவர் பார்க்க முடியாத இடத்தில் ஒருவர் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்புக்கு மாரல் ஹசார்ட் என்று பெயர். மேலாள் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. உழைப்பின் களைப்பு முழுவதும் அவருக்கு, பலனில் பெரும்பகுதி இன்னொருவருக்கு என்று இருந்தாலே போதும்.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மேலாள் அலைந்து திரிந்து விசாரித்துக் கடன் கொடுத்தால், நல்ல லாபமான 10,000 ரூபாய் கிடைக்க 100க்கு 80 வாய்ப்பு. மீதி 20இல் வெள்ளம், பூச்சி என்று ஏதாவது வந்து 2,000தான் தேறும். பெட்டியை விட்டு நகராமல் வருபவருக்கெல்லாம் கொடுத்தால் நல்ல லாபத்துக்கான வாய்ப்பு 40 ஆகக் குறையும். முதல் வழியில் சராசரி லாபம் 8,400 ரூபாய், இரண்டாவதில் 5,200. அந்த அலைச்சலை மேலாள் தன் மனதில் 300 ரூபாய்க்குச் சமமான சிரமமாக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வெறும் சம்பளம் என்றால் எப்படி உழைத்தாலும் அவருக்கு வருவது ஒன்றுதான். அலைய மாட்டார். லாபத்தில் பத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னால்? நல்ல காலத்தில் 1,000, கெட்ட காலத்தில் 200. வித்தியாசம் 800. அலைவதால் நல்ல லாபத்தின் வாய்ப்பு 40 புள்ளி கூடுகிறது. 800இல் நூற்றுக்கு 40 என்றால் 320 ரூபாய். சிரமத்தின் மதிப்பான 300ஐ அது சற்றே தாண்டுகிறது, அதனால் அலைவார். முதலாளி சராசரியாக 840 ரூபாயைப் பங்காகக் கொடுத்தும் அவர் கையில் 7,560 நிற்கும். பங்கே கொடுக்காத கடையில் நிற்பது 5,200தான். பர்மா கடைகளிலும் சம்பளத்தோடு லாபத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் போனஸ் என்பது பரவலான வழக்கமாக இருந்தது.

அப்படியானால் பாதி லாபத்தையே கொடுத்தால் இன்னும் உழைப்பாரே? உழைப்பார். ஆனால் அவர் பெரும்பாலும் சொந்தப் பணம் அதிகம் இல்லாதவர், மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். வருமானத்தில் பாதி வெள்ளத்தின் கையில் இருந்தால் அந்தப் பயத்துக்கு ஈடாக அதிகம் கேட்பார். ஆபத்தைத் தாங்கும் வலு முதலாளிக்கு, உழைப்பைத் தீர்மானிக்கும் கை மேலாளுக்கு. இரண்டையும் ஒரே பங்கினால் சரிக்கட்ட வேண்டியிருப்பதால்தான் எந்த ஒப்பந்தமும் முழுமையாக அமைவதில்லை. இதைக் கணிதமாக வடித்தவர்களில் முக்கியமானவர் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக 2016இல் ஆலிவர் ஹார்ட்டுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர்.

பங்கு கொடுத்ததும் சோம்பல் குறைகிறது, சரி. ஆனால் வேறொரு ஓட்டை திறக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் கவனிக்கத் தக்கதாகத் தோன்றுவது இதுதான்.

ஒரு விவசாயி 1,000 ரூபாய் வாங்கியிருக்கிறார், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. வருஷம் முடிகிறது. கொடுக்க வேண்டிய 180 ரூபாய் அவரிடம் இல்லை. மேலாள் பழைய பிராமிசரி நோட்டைக் கிழித்துவிட்டு 1,180க்குப் புது நோட்டு எழுதிக்கொள்கிறார். வட்டி வரவு 180 என்று பேரேட்டில் ஏறிவிட்டது. அது லாபம், அதில் 18 ரூபாய் மேலாளின் போனஸ். பெட்டிக்கு வந்ததோ ஒரு காசும் இல்லை. மூன்று வருஷம் இப்படியே போனால் கடன் 1,640 ரூபாயைத் தாண்டும். அது தேறாது என்று தெரியும்போது மேலாள் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பார். லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டத்தில் பங்கு இல்லை, தவணையோ மூன்றே வருஷம். இந்த மூன்றும் சேர்ந்தால் கவனமான மனிதரைக்கூட அதிக வட்டிக்குச் சம்மதிக்கும் பலவீனமான கடனாளி பக்கம் இழுக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. வட்டி வரவையும் ரொக்க வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில், ஒரே நாளில், ஒரு நோட்டு தீர்ந்து அதைவிடப் பெரிய நோட்டு பிறந்திருந்தால் அங்கே பணம் வரவில்லை என்று அர்த்தம். ஏறிக்கொண்டே போய் ஒருமுறையும் இறங்காத கடனும் அதே சங்கதிதான்.

இதைவிட வலுவான காவல், அடுத்து வரும் மேலாள். பழையவர் இருக்கும்போதே புதியவர் வந்து கணக்கைக் கையேற்கிறார். தேறாத நோட்டு ஒன்றை அவர் வாய்திறக்காமல் வாங்கிக்கொண்டால் நாளை அது அவருடைய தவணையில் நஷ்டமாக விழும், அவர் போனஸைத் தின்னும். அதனால் யாரும் சொல்லாமலே ஒவ்வொரு கடனாளியைப் பற்றியும் துருவுவார். முதலாளிக்குக் கிடைக்காத உள்ளூர்த் தகவல், அதைத் தோண்டி எடுப்பதால் லாபம் அடையும் ஒருவர் கையில் போய்ச் சேர்கிறது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. தன் தவணை பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்று நல்ல கடனையும் மோசம் என்று சொல்லப் புதியவருக்கு ஆசை வரும். பழையவர் சொல்வதற்கும் புதியவர் சொல்வதற்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கும். இருவரும் உறவுக்காரர்களாக இருந்து பேசி வைத்துக்கொண்டால் அந்தக் காவலும் போயிற்று. ஆனால் அகப்பட்டுக்கொண்டால் வேறு எந்தக் கடையும் சேர்த்துக்கொள்ளாது என்ற பயம், அத்தனை நெருக்கமான சமூகத்தில் சின்னதல்ல.

வெள்ளமா சோம்பலா என்ற பழைய கேள்விக்கும் ஓரளவு பதில் இருந்தது. இரங்கூன் மொகல் தெருவில் கடைகள் நெருக்கமாக இருந்தன. அதே வட்டாரத்தில் கடன் கொடுத்த பக்கத்துக் கடைக்கும் லாபம் விழுந்திருந்தால் காரணம் பொதுவானது. நம் கடையில் மட்டும் விழுந்திருந்தால் மேலாளைக் கேட்கலாம். உழைப்பைப் பற்றித் தகவல் தரும் எதையும் ஒப்பந்தத்தில் சேர், வெறும் அதிர்ஷ்டத்தை விலக்கு என்று ஹோல்ம்ஸ்ட்ரோம் 1979இல் நிறுவியதன் நடைமுறை வடிவம் இதுதான்.

1930க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது எல்லாக் கடைகளும் ஒன்றாக விழுந்தன. ஒப்பிட்டுப் பார்த்ததில் மேலாள்மேல் குற்றம் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் லாபமே இல்லாத இடத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதற்கு எந்த இழுப்பும் இல்லை. ஓடி ஓடி வசூலித்து நஷ்டத்தைப் பாதியாக்கினாலும் போனஸ் பூஜ்யம், சும்மா இருந்தாலும் பூஜ்யம். உழைப்பு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் ஒப்பந்தம் பேசாமல் போனது. கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம், 1938க்குள் ஏறத்தாழ 25 சதவீதம். கடன் கொடுத்து வசூலிக்கப் போன மேலாள் இப்போது குத்தகை பேச வேண்டும், வாய்க்கால் பார்க்க வேண்டும், நிலத்தை எப்போது விற்பது என்று முடிவெடுக்க வேண்டும். வட்டி லாபத்தை வைத்து எழுதிய சம்பளச் சீட்டில் இந்த வேலைகள் எதற்கும் அளவுகோல் இல்லை.