ட்ரிகர் ஆனது, விற்கவில்லை

"சார், ஸ்டாப்லாஸ் போட்டுத்தானே வைத்திருந்தேன். அப்புறம் எப்படி பங்கு இன்னும் என் கணக்கிலேயே கிடக்கிறது?"

இந்த மாதம் இதே கேள்வியோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். பங்குத் தரகு அலுவலகத்தில் டீலராக உட்கார்ந்திருப்பவனுக்கு இது பழகிப்போன கேள்விதான். ஆனாலும் மூன்றாவது முறை கேட்டபோது, எழுதியே தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

வந்தவர் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். ஒரு நடுத்தர நிறுவனத்தின் பங்கை 500 ரூபாய்க்கு 300 எண்ணம் வாங்கியிருக்கிறார். வாங்கும் டிக்கெட்டிலேயே, ஏறினால் லாபத்தில் விற்க டார்கெட் 540, இறங்கினால் நட்டத்தை நிறுத்த ஸ்டாப் 485 என்று, தரகரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஓசிஓ ஜிடிடி போட்டுவிட்டார். ஸ்டாப் லெக்கில் ஆர்டரைக் கிளப்பும் ட்ரிகர் விலை 485, அதற்குக் கீழே விற்காதே என்கிற லிமிட் 484. "போனால் 4,800 ரூபாய், அதற்கு மேல் போகாது" என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

சந்தை முடிந்த பிறகு அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்தது. சரியில்லை. மறுநாள் காலை பங்கு 462இல் திறந்தது. 462 என்பது 485க்குக் கீழே, ஆகவே ட்ரிகர் ஆனது. தரகரின் சர்வர் "300 பங்கு, லிமிட் 484, விற்க" என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஆர்டர் அனுப்பியது. 462இல் வியாபாரமாகும் பங்கை 484 கொடுத்து யார் வாங்குவார்? அன்றைய உச்சமே 468தான். ஆர்டர் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்து, மூன்றரை மணிக்குக் காலாவதியானது. இதற்குள் டார்கெட் லெக்கும் ரத்தாகிவிட்டது. ஒன்று ட்ரிகர் ஆனால் மற்றது போய்விடும், அதுதானே ஓசிஓ. மொபைலில் "Triggered" என்று வந்ததைப் பார்த்தவர், சரி, விற்றுவிட்டது, சனியன் தொலைந்தது என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் தற்செயலாக ஹோல்டிங்ஸைத் திறந்தபோது பங்கு 430. கடைசியில் விற்றது அந்த விலைக்குத்தான். 21,000 ரூபாய் நட்டம்.

ஜிடிடி என்பது விற்பனை அல்ல. இந்த விலை வந்தால் எனக்காக ஒரு ஆர்டர் போடு என்று தரகரிடம் சொல்லிவைப்பது, அவ்வளவுதான். அது எக்ஸ்சேஞ்சில் இல்லை, தரகரின் சர்வரில் இருக்கிறது. விலை வந்ததும் ஒரே ஒரு முறை ஆர்டர் போகும். அந்த ஆர்டர் நிறைவேறுகிறதா இல்லையா என்பது வேறு கதை. "Triggered" என்றால் ஆர்டர் போனது என்றுதான் பொருள். விற்றதா என்று ஆர்டர் புக்கில்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கடுத்து வரும் வாதத்தில்தான். "லிமிட்டை இறக்கிப் போட்டிருக்க வேண்டும்" என்று சொன்னதும் அவர் பதறினார்: "455 என்று போட்டால் 455க்கே விற்றுவிடுமே சார்!"

விற்காது. பத்து வருடமாக டிரேட் செய்பவர்கள்கூட இப்படி நினைக்கிறார்கள். விற்கும்போது லிமிட் என்பது நீங்கள் ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்ச விலை. சந்தையில் 462க்கு வாங்க ஆள் நிற்கும்போது நீங்கள் 455 லிமிட்டில் விற்க வந்தால், 462க்குத்தான் விற்கும். அங்கே எண்ணிக்கை போதவில்லை என்றால் 461.50, அப்புறம் 461 என்று படியிறங்கி வரும். 455க்குக் கீழே மட்டும் போகாது. சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர் முப்பதாயிரத்துக்குக் கீழே தரமாட்டேன் என்று மனதில் வைத்திருந்தால், முப்பத்திரண்டு கொடுக்க வந்தவரைத் திருப்பியா அனுப்புவார்? நம் ஆள் லிமிட்டை 455இல் வைத்திருந்தால் ஏறக்குறைய 462இல் வெளியே வந்திருப்பார். நட்டம் 11,400 ரூபாய். நினைத்த 4,800 இல்லைதான். ஆனால் 21,000மும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு இடைவெளி விடலாம்? பகலில் நன்றாக வியாபாரமாகும் பெரிய பங்குக்கு ஒரு சதவீதம் போதும். இரவு தாண்டி வைத்திருக்கிறீர்கள், அதிலும் நடுவில் முடிவு அறிவிப்பு வருகிறது என்றால் ஐந்து, ஆறு சதவீதமாவது விடுங்கள். இது என் கைக்கணக்கு, விதி அல்ல. பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு இறங்கக்கூடிய கடைசி விலையில், பூட்டிக்கொண்டால் எந்த லிமிட்டும் உதவாது. வாங்க ஆளே இருக்காது. டிக்கெட்டில் ஸ்டாப் விலை ஒன்றை மட்டும் கேட்கிற ஆப் என்றால், அது லிமிட்டை எங்கே வைத்தது என்று ஜிடிடி விவரத்தைத் திறந்து பாருங்கள்.

வாங்கும் ஆர்டரோடு டார்கெட்டும் ஸ்டாப்பும் சேர்ந்தே போகும் பழைய பிராக்கெட் ஆர்டரில் இந்த இரவுப் பிரச்சினை கிடையாது. அது அன்றைக்கே ஆரம்பித்து அன்றைக்கே முடிவது. பகலில் எந்த நேரத்திலும் முழு முன்பணம் இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் படிப்படியாகத் தொடங்கிய பீக் மார்ஜின் விதி 2021 செப்டம்பரில் முழுமையானபோது, பிராக்கெட்டில் கிடைத்த கூடுதல் கடன் வசதி போனது. பல தரகர்கள் அதை எடுத்தேவிட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு ஜிடிடிக்கு வந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆப்ஷன் ஆடுபவர்களும் கவனியுங்கள்: 2021 செப்டம்பரிலிருந்து என்எஸ்இயில் ஆப்ஷனுக்கு, ட்ரிகர் ஆனதும் சந்தை விலைக்கே விற்கும் எஸ்எல்-எம் ஆர்டர் கிடையாது. உங்கள் ஸ்டாப்பும் லிமிட் ஆர்டர்தான்.

இன்னொரு வகைக் கேஸும் வருகிறது, இது ஃபியூச்சர்காரர்களுக்கு. ஒரு லாட் வாங்கி, ஓசிஓ போட்டு, இடையில் லாபம் தெரிந்ததும் ஆசைப்பட்டுக் கையாலேயே விற்று வெளியே வந்தார் ஒருவர். ஜிடிடியை அழிக்கவில்லை. பொசிஷன் போய்விட்டது என்பது பாவம் அந்த ஜிடிடிக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து விலை ஸ்டாப்பைத் தொட்டதும் கடமை தவறாமல் ஒரு லாட்டை விற்றது. கையில் எதுவும் இல்லாமல் விற்றால் அது புது ஷார்ட். சாயங்காலம் மார்ஜின் பற்றாக்குறை என்று எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் மனிதருக்கு விஷயமே தெரிந்தது. கையால் வெளியே வந்தால், அதே நிமிடத்தில் ஜிடிடி பட்டியலைத் திறந்து அதை அழியுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

டெலிவரி பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பங்கு உங்கள் டீமேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அதை விற்க அனுமதி வேண்டும். விற்கும் பங்கை டீமேட்டிலிருந்து எடுக்கத் தரகருக்கு நிரந்தர அனுமதி தரும் டிடிபிஐ படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் கவலையில்லை. கொடுக்காதவர்கள் டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் போட்டு அனுமதிக்க வேண்டும். நீங்கள் தறி ஓடும் சத்தத்தில் நிற்கும்போது ட்ரிகர் ஆனால் ஓடிபியை யார் போடுவது? ஆர்டர் நிராகரிக்கப்படும், ஜிடிடியும் முடிந்துவிடும். தயவுசெய்து உங்கள் கணக்கில் டிடிபிஐ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நூற்பாலைக்காரரின் கணக்கைப் பார்த்தேன், அவரிடமும் இல்லை. அன்று ஆர்டர் நிராகரிக்கப்படாமல் போனது, பங்கு இன்னும் டீமேட்டுக்கு வந்து சேராததால்தான். படிவத்தை எடுத்துக் கொடுத்து, அங்கேயே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் அனுப்பினேன்.