மேடையில் பாட்டின் குரல் மட்டும் காணாமல் போவது ஏன்?

பள்ளி ஆண்டு விழாக்களில் அடிக்கடி நடப்பது இது. நடனத்துக்கான பாடல் போனிலிருந்து மிக்ஸருக்குப் போகிறது. தாளமும் எதிரொலியும் நன்றாகக் கேட்கின்றன, பாடகரின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் ஒலிக்கிறது. உடனே பாடல் கோப்பைக் குறைசொல்லி மறுபடி பதிவிறக்கம் செய்வார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான் இருக்கும்.

போனின் 3.5 மி.மீ. ஜாக்கில் இடது ஒலி பின்னின் நுனியிலும், வலது ஒலி அதற்கடுத்த வளையத்திலும் வருகின்றன. இரண்டுக்கும் கிரவுண்ட் பொதுவானது. மிக்ஸரின் 6.35 மி.மீ. லைன் இன்புட்டும் நுனி, வளையம், கிரவுண்ட் என்று அதேபோல் இருப்பதால், இரு பக்கமும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் அந்த இன்புட் பேலன்ஸ்டு வகையைச் சேர்ந்தது. அது நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீண்ட கேபிளில் இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சலை நீக்கச் செய்த ஏற்பாடு அது. பாடல்களில் குரலை வழக்கமாக இடது, வலது இரண்டிலும் சம அளவில் வைப்பதால், இரைச்சலுக்கு நேர வேண்டிய கதி குரலுக்கு நேர்ந்துவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள மோனோ ஆடியோவை இயக்கிப் பாருங்கள். பாடல் முழுவதுமே ஏறக்குறைய அடங்கிவிட்டால் காரணம் இதுதான். வேறு கேபிள் கைவசம் இல்லாத நிலையில், மோனோவை அணைத்துவிட்டு, அதே பக்கத்தில் உள்ள பேலன்ஸை ஒரு பக்கமாக முழுவதும் தள்ளினால் குரல் திரும்பிவிடும். மறுபக்கத்தின் வாத்தியங்கள் போனாலும் நிகழ்ச்சி நடக்கும்.

சரியான கேபிள் என்பது ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்களும் கொண்டது. இரண்டையும் இரண்டு லைன் சேனல்களில் செருகி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்பிவிட வேண்டும். மிக்ஸரில் ஆர்சிஏ இன்புட் இருந்தால் இரண்டு ஆர்சிஏ பின்கள் உள்ள கேபிள் போதும். போனை நேராக எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட்டில் செருகுவதை நான் அனுமதிப்பதில்லை. அது மைக்கின் மிகச் சிறிய சிக்னலுக்கானது என்பதால் போனின் ஒலி எளிதில் உடையும். போதாததற்கு, சில மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்பும் மின்சாரமான பேண்டம் பவரைப் போட்டிருந்தால் 48 வோல்ட் போனை நோக்கி வரும்.

குரல் சரியான பிறகு பலரும் முறையிடுவது ரீங்காரத்தைப் பற்றி. பேட்டரியில் சுத்தமாக ஒலித்த போன், சார்ஜரைச் செருகியதும் இரையத் தொடங்கினால், காரணம் தெளிவு. எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில் மின் இணைப்புப் பக்கத்திலிருந்து வெளியீட்டுப் பக்கத்துக்கு ஒரு சிறு மின்கசிவு இருக்கும். அது போனின் வழியே ஆடியோ கேபிளின் கிரவுண்டில் இறங்கி மிக்ஸரின் எர்த்தைத் தேடிப் போகிறது. சார்ஜரைக் கழற்றி, தேவையென்றால் பவர் பேங்க் போட்டால் போதும். மூன்று பின் அடாப்டர் உள்ள லேப்டாப்பில் கதை வேறு: லேப்டாப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் தொலைவில் வேறொரு பிளக்கிலும் எர்த் ஆகியிருந்தால், இரண்டுக்கும் இடையிலான சிறு வோல்டேஜ் வேறுபாடே கேபிள் வழியாகப் பாய்ந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகிறது. இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் கொடுப்பது முதல் தீர்வு. அப்போதும் நிற்காவிட்டால், இதுபோன்ற ஒலியை மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ வகையாகப் பார்த்து, இடையில் வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட வேண்டும். ஒலி காந்தப்புலம் வழியாகக் கடக்கும். கிரவுண்ட் கம்பியின் தொடர்பு அறுந்துவிடும்.

எர்த் பின்னை வெட்டி ரீங்காரத்தை நிறுத்தும் பழக்கம் இன்னும் சில மைக் செட்காரர்களிடம் இருக்கிறது. சத்தம் நிற்கலாம், உண்மைதான். ஆனால் பின்னொரு நாள் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே இன்சுலேஷன் பழுதானால், மின்சாரம் மைக்கின் உலோக உடல் வரை வந்து நிற்கும், அதை உதட்டருகே பிடித்திருப்பவர் பேச்சாளர். எர்த்தைத் தொடாமல் ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிப்பதற்காகத்தான் டிஐ பாக்ஸ் இருக்கிறது.

டிஐ பாக்ஸின் இன்னொரு பயன் தூரம். போனிலிருந்து வரும் சாதாரண கேபிளை மூன்று மீட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மிக்ஸர் அரங்கின் பின்கோடியில் இருந்தால், போனுக்கு அருகிலேயே டிஐ பாக்ஸை வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளை மிக்ஸரின் மைக் இன்புட் வரை இழுக்கலாம். இவற்றுக்குப் பிறகும் ‘உஸ்’ என்று மெல்லிய இரைச்சல் இருந்தால், போனின் ஒலியளவு குறைவாகவும் மிக்ஸரின் கெயின் அதிகமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் முக்கால் அளவுக்கு மேல் வைத்து, கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். பாடலைப் போனிலேயே சேமித்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போட்டால், அழைப்பு மணியும், சிக்னல் தேடும்போது ஸ்பீக்கரில் வரும் ‘டிக்டிக்’ சத்தமும் நின்றுவிடும்.