வினாத்தாள் கடினமாகிவிட்டது: 16 மதிப்பெண்ணை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

தேர்வு முடிவுகளை ஒப்புதல் செய்யும் கூட்டங்களில் புள்ளியியல் ஆசிரியர் என்ற முறையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். ஏதாவது ஒரு பாடத்தில் சராசரி சரிந்திருந்தால் அங்கே முதலில் வரும் யோசனை, "எல்லாருக்கும் பத்துப் பதினைந்து மார்க் போட்டுவிடலாம் சார்" என்பதுதான். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் எதிர்க்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் யார் தேறுகிறார், யார் அரியர் வைக்கிறார், யாருக்கு ரேங்க் கைநழுவுகிறது என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. அதனால் ஒரு வகுப்பின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

57 பேர் எழுதிய தாள். மொத்தம் 100, தேர்ச்சிக்கு 40. சராசரி 40. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 9. அதிகபட்சம் 64, குறைந்தபட்சம் 19. ஏறக்குறைய பாதி வகுப்பு தோல்வி. இதே 57 பேர் அதே பருவத்தில் எழுதிய மற்ற தாள்களில் சராசரி 56, திட்டவிலக்கம் 12. இந்தக் கடைசித் தகவல் இல்லாமல் யாரும் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. மற்ற தாள்களிலும் இவர்கள் 42, 43 என்றுதான் எடுத்திருந்தால், பிரச்சினை வினாத்தாளில் இல்லை.

அடுத்து, கேள்வி வாரியாக மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். சரிவு எல்லாக் கேள்விகளிலும் பரவியிருக்கிறதா, ஒரே கேள்வியில் குவிந்திருக்கிறதா? 15 மதிப்பெண் கேள்வி ஒன்று பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தாள் முழுவதையும் திருத்தியமைக்கத் தேவையில்லை, அந்தக் கேள்வியைச் சரிக்கட்டினால் போதும். அதிலும் இரண்டு வழி உண்டு. எல்லாருக்கும் முழு 15 கொடுத்தால், மீதி 85க்கு 30 எடுத்தவர் 45 பெற்றுத் தேறிவிடுவார். கேள்வியை நீக்கிவிட்டு 85ஐ 100 ஆக்கினால் அவருக்கு 35தான். 85க்கு 68 எடுத்தவருக்கு முதல் வழியில் 83, இரண்டாவதில் 80. முதல் வழி, சரியான கேள்வி வந்திருந்தால் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள் என்கிறது. இரண்டாவது, மற்ற கேள்விகளை எழுதிய தரத்திலேயே இதையும் எழுதியிருப்பார்கள் என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி நேரத்தை இழந்தவர்களை அது கவனிக்காது.

நம் வகுப்பில் அப்படி ஒரு தனிக் கேள்வி இல்லை. தாள் நீளம், எல்லாப் பகுதியிலும் சரிவு. சராசரியை 56க்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானமாகிறது. மூன்று வழிகளையும் போட்டுப் பார்ப்போம்.

எல்லாருக்கும் 16 கூட்டினால் 64 எடுத்தவர் 80, 28 எடுத்தவர் 44, 25 எடுத்தவர் 41 ஆவார்கள். எல்லாரையும் 1.4ஆல் பெருக்கினாலும் சராசரி 56 ஆகிவிடும். ஆனால் 64 எடுத்தவருக்கு 89.6, 28 எடுத்தவருக்கு 39.2, 25 எடுத்தவருக்கு 35. மூன்றாவது வழி நியமப்படுத்துவது. ஒவ்வொருவரும் வகுப்புச் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறார் என்று கண்டுபிடித்து, அதே இடத்தை 56, 12 என்ற அளவுகோலில் கொடுப்பது. எடுத்த மதிப்பெண் B2 கட்டத்தில் இருந்தால், எக்செலில் இவ்வளவுதான்:

```
=56+12*(B2-40)/9
```

இதில் 64க்கு 88, 28க்குச் சரியாக 40, 25க்கு 36.

சராசரி மூன்றிலும் 56தான். ஆனால் 25 எடுத்தவர் முதல் வழியில் மட்டும் தேறுகிறார். 28 எடுத்தவர் பெருக்கினால் மட்டும் தோற்கிறார். அதிகபட்சம் எடுத்தவருக்கு 80க்கும் 89.6க்கும் இடையே எதுவும் கிடைக்கலாம். அந்தத் தாளுக்குள் வரிசை எந்த வழியிலும் மாறாது. முதலாவது முதலாவதுதான், கடைசி கடைசிதான். அதனால்தான் "எதைப் போட்டால் என்ன, ரேங்க் ஒன்றுதானே" என்று கேட்கிறார்கள். மாற்றம் வருவது இரண்டு இடங்களில். ஒன்று தேர்ச்சிக் கோடு. இன்னொன்று, இந்தத் தாளை மற்ற தாள்களோடு கூட்டும்போது.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடினமான தாள் சராசரியை மட்டும் இறக்குவதில்லை, மதிப்பெண்களை நெருக்கியும் விடுகிறது. மற்ற தாள்களில் ஒரு திட்டவிலக்கம் மேலே இருப்பவர் 12 மதிப்பெண் முன்னே இருக்கிறார். இந்தத் தாளில் அதே திறமைக்கு 9தான் முன்னிலை. 16 கூட்டினால் சராசரி ஏறும், நெருக்கம் அப்படியே இருக்கும். ஐந்து தாள்களையும் கூட்டி ரேங்க் போடும்போது இந்தத் தாளின் எடை மற்றதைவிடக் குறைவு. இதில் மட்டும் நன்றாக எழுதியவருக்கு அது நஷ்டம், இதில் சறுக்கியவருக்கு லாபம். பதக்கமும் உதவித்தொகையும் கூட்டு மதிப்பெண்ணில்தான் முடிவாகின்றன. நியமப்படுத்துவது அந்த நெருக்கத்தை விரிக்கிறது. பெருக்குவதும் விரிக்கும், ஆனால் எவ்வளவு விரியும் என்பது நம் கையில் இல்லை. இங்கே திட்டவிலக்கம் 9 × 1.4 = 12.6 என்று 12க்கு அருகே வந்தது தற்செயல்.

பெருக்கும் எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பல இடங்களில் அதிகபட்ச மதிப்பெண்ணை 100 ஆக்கிவிடுவார்கள். இங்கே 64ஐ 100 ஆக்கினால் பெருக்கெண் 1.5625, வகுப்புச் சராசரி 62.5. அதே வகுப்பில் ஒரே ஒருவர் 92 எடுத்திருந்தால் பெருக்கெண் 1.09க்குக் கீழே போய், 28 எடுத்தவர் 30ஐத் தாண்டுவதே பெரும்பாடு. 57 பேரின் தலையெழுத்தை ஒரு விடைத்தாள் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணைச் சமப்படுத்தும் முறையும் இந்த வகைதான். ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் அதிகபட்சம் 100, வேறு வாரியத்தின் அதிகபட்சம் 90 என்றால், அந்த வாரியத்தில் 60 எடுத்தவருக்கு 66.66 என்று கணக்கு. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் யாராவது ஒருவர் முழு மதிப்பெண் எடுத்துவிட்டால் பெருக்கெண் 1 ஆகிவிடும். அப்புறம் அந்த வாரியத்தின் வினாத்தாள் எவ்வளவு கடினமாக இருந்திருந்தாலும் சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாது.

அப்படியென்றால் எப்போதும் நியமப்படுத்திவிடலாமா? அதற்கும் தனி ஆபத்துகள் உண்டு. முதலாவது, மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கும் ஆபத்து. மேலே சொன்ன வகுப்பில் பதிவேட்டின்படி 60 பேர், மூன்று பேர் ஆப்சென்ட். பட்டியலில் அவர்களுக்கு 0 என்று போட்டு அனுப்பினால் என்ன ஆகும்? சராசரி 40லிருந்து 38 ஆகிறது, இது பெரிதாகக் கண்ணில் படாது. ஆனால் திட்டவிலக்கம் 9லிருந்து 12.4 ஆகிவிடுகிறது. மூன்று பூஜ்யங்கள் அவ்வளவு தூரம் இழுக்கின்றன. இந்த எண்களை வைத்து அதே சூத்திரத்தைப் போட்டால் 64 எடுத்தவருக்கு 88க்குப் பதில் 81, 25 எடுத்தவருக்கு 36க்குப் பதில் 43. நியமப்படுத்தியதாக நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் எல்லாருக்கும் பதினேழு பதினெட்டு கூட்டியது போலத்தான் ஆகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டியலை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 0, 0, 0, அடுத்தது 19 என்று வந்தால் அந்த மூன்று பேரும் தேர்வு எழுதினார்களா என்று வருகைத்தாளில் பாருங்கள். எக்செலில் AVERAGE, STDEV.P இரண்டும் AB என்று எழுதிய கட்டங்களையும் காலிக் கட்டங்களையும் விட்டுவிடும், 0 இருந்தால் சேர்த்துக்கொள்ளும். அதனால் வராதவருக்கு AB என்றே இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்து, யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி நடைமுறையில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சையில் ஒவ்வொரு பாடத்துக்கும் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களின் சராசரியை எடுக்கிறார்கள். வெவ்வேறு பாடங்களை எடுத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்த இது நல்ல வழி. ஆனால் 2011 பரீட்சையைப் பழைய பாடத்திட்ட மாணவர்களும் புதிய பாடத்திட்ட மாணவர்களும் எழுதினார்கள். இரு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் புள்ளி கணக்கிட்டது வழக்காகி, 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; இரண்டு குழுக்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. வேறு வேறு தாள் எழுதியவர்களுக்கு ஒரே சராசரி பொருந்தாது.

கல்லூரிகளில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். ஒரே தாளை எழுதிய ஏ பிரிவையும் பி பிரிவையும் தனித்தனியாக நியமப்படுத்துவார்கள். ஏ பிரிவு உண்மையிலேயே நன்றாகப் படித்த வகுப்பு என்றால், அங்கே 45 எடுத்தவர் பி பிரிவில் 45 எடுத்தவரைவிடக் குறைவாகப் பெறுவார். ஒரே தாள், ஒரே திருத்தும் அளவு என்றால் ஒரே குழுவாகத்தான் கணக்கிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் இந்த முறையைத் தொடவே வேண்டாம். அங்கே சராசரியும் திட்டவிலக்கமும் இரண்டு பேரின் எழுத்தைப் பொறுத்து ஆடும்.

சிறிய வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது வேறு. தேர்ச்சிக் கோட்டுக்கு அருகிலுள்ள விடைத்தாள்களைப் பாட ஆசிரியர்கள் இருவர், பெயர் தெரியாமல், மறுபடி படிக்கட்டும். அடிப்படை தெரிந்தவர் என்று இருவரும் ஒப்புக்கொள்ளும் தாள்கள் எந்த மதிப்பெண்ணில் தொடங்குகின்றன? 27 என்றால் அது 40 ஆகட்டும். அதேபோல மேலே, 90 தகும் என்று தோன்றும் தாள் எதில் நிற்கிறது என்று பாருங்கள். 65 என்றால் அது 90 ஆகட்டும். அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் மற்ற எல்லாருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். 57 பேர் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். அங்கே 27 எடுத்தவருக்கு நியமப்படுத்திய கணக்கில் 38.7, 65க்கு 89.3 வரும். இரண்டு வழியும் இவ்வளவு நெருங்கி வந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். ஏழெட்டு மதிப்பெண் விலகினால், 56 என்ற இலக்கையே சந்தேகிக்க வேண்டும்.

எந்த வழியானாலும் சில விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். யாருடைய மதிப்பெண்ணும் குறையக் கூடாது. கோட்டின் சாய்வு அதிகமானால் அடியில் இருப்பவர்களுக்குப் பழையதைவிடக் குறைவாக வர வாய்ப்புண்டு, அப்போது பழையதே நிற்கட்டும். 100ஐத் தாண்டினால் 100. வெற்றுத்தாள் கொடுத்தவருக்கு 0. தசமத்தை முழுமையாக்குவது ஒரே ஒரு முறை, கடைசியில். இவையெல்லாம் பெயர்ப் பட்டியல் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவாக வேண்டும். 39.2இல் நிற்பது யார் என்று தெரிந்த பிறகு சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதை எந்தப் புள்ளியியலாலும் நியாயப்படுத்த முடியாது.

மாணவருக்குப் போகும் பட்டியலில் திருத்தியபோது கிடைத்த மதிப்பெண், மாற்றிய பின் வந்த மதிப்பெண், பயன்படுத்திய சூத்திரம் மூன்றும் இருக்க வேண்டும். 28 எடுத்து 40 ஆன மாணவி, தான் எப்படித் தேறினோம் என்பதைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். 25 எடுத்து 36 ஆனவருக்கும் அதே உரிமை உண்டு. அவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தால் அந்த மூன்று எண்களும் அவர் கையில் இருக்க வேண்டும்.